பெயரைச் சரியாகச் சொல்லும் குரல் எது?

மருத்துவமனை ஒன்று முன்பதிவுக்காகத் தமிழில் பேசும் சாட்பாட் ஒன்றை அமைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "வணக்கம் காயத்ரி. நாளை காலை பத்தரை மணிக்கு டாக்டர் பார்த்திபனைப் பார்க்க வாருங்கள்" என்று அது சொல்ல வேண்டும். குரலுக்குப் பஞ்சமில்லை. மைக்ரோசாஃப்டின் அஸூர் சேவையில் இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர், இலங்கைத் தமிழுக்குச் சரண்யா, குமார் என்ற குரல்கள் இருக்கின்றன. மலேசியா, சிங்கப்பூர் தமிழுக்கும் தனித்தனிக் குரல்கள் உண்டு. இவற்றில் இரண்டு மூன்றைக் கேட்டுவிட்டு இனிமையாக இருப்பதை எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். ஆனால் இனிமையான குரல் தன் பெயரைத் தவறாகச் சொன்னால், அழைப்பு தனக்குத்தானா என்ற சந்தேகம் நோயாளிக்கு வந்துவிடும். அதனால் சோதனையைப் பெயர்களிலிருந்து தொடங்குவதே நல்லது.

பெயரில் குரல் தடுமாறுவதற்குக் காரணம் நம் எழுத்திலேயே இருக்கிறது. காயத்ரி, கார்த்திக் இரண்டுக்கும் முதலெழுத்து 'கா'தான். முதலாவதை வல்லோசை தளர்த்திச் சொல்கிறோம், இரண்டாவதை அழுத்திச் சொல்கிறோம். பாலாஜியும் பார்த்திபனும், தனலட்சுமியும் தங்கராசுவும் அப்படித்தான். சொல்லின் தொடக்கத்தில் வல்லினம் அழுத்தமாக ஒலிக்கும் என்பது தமிழ்ச் சொற்களுக்குப் பொருந்தும். வடமொழியிலிருந்து வந்த பெயர்கள் அந்த விதிக்குள் அடங்குவதில்லை. பயிற்சிக்குத் தந்த ஒலிப்பதிவுகளில் அடிக்கடி வந்த பெயரைக் குரல் சரியாகச் சொல்லிவிடும். அரிதான பெயரை ஊகித்துத்தான் சொல்லும்.

மருத்துவமனைப் பதிவேட்டில் பெயர் ஆங்கில எழுத்தில் இருந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்து வேறொன்று முளைக்கிறது. Gayathri என்ற எழுத்துக்கோவையில் முதல் ஒலி தெளிவாகத் தெரிகிறது. ஆனால் Kala என்பது கலாவா, காலாவா? Mani என்பதில் வருவது எந்த 'ன'? பெயரை இரண்டு எழுத்திலும் வாங்கி வைத்தால் ஒன்று மறைப்பதை மற்றது காட்டிவிடும்.

கேட்பவர்களிடம் "தெளிவாக இருக்கிறதா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இருக்கிறது" என்றே பதில் வரும். அதைவிட, கேட்டதை எழுதச் சொல்வது பயன் தரும். அதிலும் வாக்கியத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். "நெஞ்சு வலி" என்பதைக் குரல் எப்படிக் குழறினாலும் கேட்பவர் வலி என்றே எழுதுவார், முன்சொல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. "அடுத்து எழிலரசி, அவருக்குப் பின் வள்ளியம்மாள்" என்ற வாக்கியத்தில் அப்படி ஊகிக்க வழி குறைவு. ழகரம் ளகரமாக மாறியிருந்தால் தாளில் தெரியும்.

எழுதச் சொல்லும் சோதனை காயத்ரியிடம் தோற்றுவிடும். குரல் எப்படி உச்சரித்தாலும் கேட்பவர் 'காயத்ரி' என்றுதான் எழுதுவார், பிழை கண்ணில் படாது. இத்தகைய பெயர்களுக்கு, கேட்டவரையே திருப்பிச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யலாம் என்று தோன்றும். ஆனால் பலர் தம்மையறியாமல் திருத்திச் சொல்லிவிடுவார்கள். "ஊரில் இப்படித்தான் கூப்பிடுவார்களா?" என்று ஒவ்வொரு பெயருக்கும் நேராகக் கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று குறிப்பதே நம்பகமானது. எழுதப் படிக்கத் தெரியாத முதியவரும் இதில் கலந்துகொள்ளலாம். மருத்துவமனைக்கு அழைப்பவர்களில் அவர்களும் இருப்பதால், அவர்களை விட்டுவிட்டு நடத்தும் சோதனை பாதிச் சோதனைதான்.

வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று அளப்பது தமிழுக்கு ஒத்துவராது. 'வந்துகொண்டிருக்கிறார்கள்' முழுவதும் ஒரே சொல். உயிரொலிகளை எண்ணுவது மேல். "நாளை காலை பத்தரை மணிக்கு வாருங்கள்" என்பதில் 13 உயிரொலிகள். குரல் இதை 2 விநாடியில் சொன்னால் விநாடிக்கு ஆறரை. கேட்டு முடித்தவரிடம் "எத்தனை மணிக்கு?" என்று கேட்டால் வேகம் அதிகமா என்பது தெரிந்துவிடும். நேரத்தை மறந்தவர்கள் பலர் என்றால், முழுப் பேச்சையும் இழுக்காமல் அந்தப் பகுதியை மட்டும் நிதானப்படுத்தலாம்:

```
நாளை காலை
<prosody rate="-20%">பத்தரை மணிக்கு</prosody>
வாருங்கள்.
```

ஒலியை நல்ல ஹெட்போனில் கேட்கச் செய்யக் கூடாது. நோயாளி கேட்கப்போவது தொலைபேசியில். பழைய தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துவதால் 'ஸ', 'ஃப' போன்றவை மங்கிவிடும். ஃபாத்திமாவும் சதீஷும் அங்கேதான் அடிபடுகிறார்கள்.

இயல்பாக இருக்கிறதா என்பதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் கேட்கும் முறை சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பி.800 பரிந்துரையில் உள்ளது. குரல்களின் வரிசையை ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டும். இடையில் ஒரு மனிதரின் பதிவையும் சொல்லாமல் கலந்துவிட வேண்டும். அதற்கே 3 போடுபவரின் 3 எதைக் குறிக்கிறது என்பது அப்போது விளங்கும். பத்துப் பேர் கேட்டதில் ஒரு குரலுக்கு 4.1, இன்னொன்றுக்கு 4.0 வந்தால் அந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அந்த இடத்தில் பெயர்ப் பட்டியலை எடுத்துப் பிழைகளை எண்ணிப் பார்த்து, குறைவாகப் பிழை செய்த குரலைத் தேர்ந்தெடுக்கலாம். மிஞ்சிய பிழைகளுக்கு, சில சேவைகளில் ஒலிக்குறிப்பு எழுதிக் கொடுக்கும் வசதி உண்டு. எடுத்த தமிழ்க் குரலில் அது வேலை செய்கிறதா என்று முயன்று பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.