கட்டடங்களின் கதை – 9: தூண் விலையும் வீட்டு விலையும்

காந்திகிராமத்திலிருந்து நத்தம், சிங்கம்புணரி வழியாகக் கிழக்கே போனால் செட்டிநாடு வந்துவிடும். காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் நகரத்தார் கட்டிய வீடுகள் மழையால் மட்டும் அழியவில்லை, பாகப்பிரிவினையாலும் அழிகின்றன. வானம் பார்த்த வளவைச் சுற்றி, மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்று கட்டப்பட்ட வீடு அது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபின் அங்கே வட்டிக்கு விட்டு ஈட்டிய பணம் வருவது நின்றது; பங்காளிகளோ தலைமுறைக்குத் தலைமுறை பெருகினார்கள். ஓடு மாற்ற எல்லாரும் பணம் போட வேண்டும். தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் விற்றாலோ, வந்த தொகையை அன்றே பங்கு போட்டுக்கொள்ளலாம். வீடு முழுதாக விலைபோவதைவிடக் கழற்றி விற்பது எளிது என்பதுதான் சிக்கலின் வேர்.

ஆனால் கழற்றிய பொருள் வீடு ஆகாது. வளவுத் தூண் அலங்காரத்துக்கு நிற்பதல்ல. தாழ்வாரக் கூரையின் பாரம் உத்திரம் வழியே அதன்மேல் இறங்குகிறது. கூரையில் சில ஓடுகள் நகர்ந்தால் போதும், நீர் உத்திரத்தின் சுவருக்குள் பதிந்த முனையில் இறங்கும். தேக்குக்கே கேடு தொடங்குவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அந்த முனையில்தான். சுண்ணாம்புச் சுவரின் உச்சியில் பழுப்புக் கறை படிந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. ஆத்தங்குடிக் கல்லுக்கும் ஆள் நடமாட்டம் வேண்டும். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் இட்டு, பின் நீரில் ஊறவைத்துச் செய்வது அது; சூளையில் சுடுவதில்லை. மிதித்தும் துடைத்தும் புழங்கப் புழங்கப் பளபளப்பு ஏறும், பூட்டிய வீட்டில் மங்கிப்போகும்.

வட்டிப் பணத்தில் எழுந்த மாளிகையைக் காக்கப் பொதுப்பணம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பர்மிய உழவர்களின் நிலம் கடனில் கைமாறியதும் இந்த வரலாற்றில் உண்டு. ஆனால் இடித்தால் அந்தச் சான்றும் போகும். தச்சரும் கொத்தரும் காட்டிய திறமையும் போகும். அருங்காட்சியகம் போதாதா என்றால், முட்டுக்காடு தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள். அருமையான வேலை. ஆனால் தெருவோடு தெருவாக நீளும் வீட்டு வரிசையையும், நீரைச் சேர்க்கும் ஊருணியையும் பெயர்க்க முடியாது.

யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் இருக்கின்றன. பட்டியல் ஓடு மாற்றித் தராது. கழற்றாமல் கூரையைச் செப்பனிடும் குடும்பங்களுக்குச் சொத்துவரியைக் குறைக்கலாம், பழுதுபார்க்கக் குறைந்த வட்டியில் கடன் தரலாம். அப்போது பங்காளிகளின் கணக்கு மாறும். வாங்குபவரின் பங்கும் உண்டு. பழைய தேக்குத் தூண் வாங்கப்போகும் வாசகரே, அது எந்த ஊரில், எந்த வீட்டில் நின்றது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.