வராத பார்சல் ரிப்போர்ட்டில் இருக்காது

ஆன்லைனில் துணி விற்கிறவர்களிடம், கூரியர்காரரிடமிருந்து கேஷ் ஆன் டெலிவரி பணம் சரியாக வருகிறதா என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான்: "ரிப்போர்ட்ல இருக்கிற தொகை பேங்க்ல ஏறிடுச்சே!" கூரியர் கம்பெனி தன் ரிப்போர்ட்டில் எழுதிய தொகையை வங்கியில் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். எழுதாமல் விட்ட பார்சலைப் பற்றி அந்தக் கணக்கு மூச்சே விடாது. அதனால் சரிபார்ப்பை நம் ஆர்டர் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஈரோட்டில் போர்வை விற்கும் ஒருவர் ஒரு வாரத்தில் 40 பார்சல் அனுப்பியதாக வைத்துக்கொள்வோம். மூன்று வாரம் கழித்துக் கணக்குப் பார்க்கிறார். ஒரே வாரத்துப் பார்சல்களுக்கான பணம் நாலைந்து ரிப்போர்ட்டுகளில் பிரிந்து வரும். அவற்றையெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே ஷீட்டில் ஒட்டி, அதற்கு `Remit` என்று பெயர் வைக்கிறார். A பத்தியில் பார்சலின் ஏடபிள்யூபி எண், B பத்தியில் கூரியர் கொடுத்த தொகை. கடை மென்பொருளிலிருந்து இறக்கிய ஆர்டர் பட்டியல் இன்னொரு ஷீட்டில். அதில் C பத்தியில் ஏடபிள்யூபி எண். ஆர்டர் எண்ணை வைத்து ஒப்பிடுவதைவிட இந்த எண்ணை வைத்து ஒப்பிடுவதே நல்லது. பார்சல் எங்கே போனாலும் அதன்மேல் ஒட்டியிருப்பது இதுதான்.

ஒரு எச்சரிக்கை. ஃபைலை நேராகத் திறந்தால் எக்செல் நீளமான எண்களை `8.90123E+11` என்று சுருக்கிக் காட்டும். முன்னால் பூஜ்யம் இருந்தால் விழுங்கிவிடும். அந்தப் பத்தியை டெக்ஸ்ட் வடிவில் இறக்கிக்கொள்ளுங்கள். பல மென்பொருள்களில், ஒரு ஆர்டரில் மூன்று பொருள் இருந்தால் மூன்று வரிகள் வரும், மொத்தத் தொகை முதல் வரியில் மட்டும் இருக்கும். தொகை இல்லாத வரிகளை நீக்கிவிட வேண்டும். பிறகு ஒவ்வோர் ஆர்டருக்கும் எதிரே இதைப் போடலாம்:

```
=SUMIF(Remit!A:A,C2,Remit!B:B)
```

பலரும் VLOOKUP-ஐத்தான் போடுவார்கள். அது முதலில் கண்ணில் படும் வரியோடு நின்றுவிடும். கூரியர் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு அடுத்த ரிப்போர்ட்டில் கழித்திருந்தால் தெரியாது. SUMIF இரண்டையும் சேர்த்துக் கூட்டும். ரிப்போர்ட்டிலேயே இல்லாத பார்சலுக்குப் பூஜ்யம் காட்டும்.

நம் ஈரோட்டுக்காரருக்கு 9 ஆர்டர்களில் பூஜ்யம். ஒன்றில் 1,950 ரூபாய்க்குப் பதில் 1,590. முதலில் அந்த 360 ரூபாயைப் பார்ப்போம். குறையும் தொகை ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்கப்பிள்ளைகளின் பழைய சூட்சுமம். இங்கே 9-ம் 5-ம் மாறியிருக்கின்றன. யார் மாற்றினார்கள்? புக்கிங் பதிவில் வசூலிக்கச் சொன்ன தொகையாக 1,590 என்றே இருந்தால், தப்பு நம் பக்கம். கூரியரோடு சண்டை போட்டுப் பயனில்லை. அங்கே 1,950 என்றிருந்தால்தான் பாக்கி கேட்க முடியும்.

அடுத்து அந்த 9 பூஜ்யங்கள். பயப்பட வேண்டாம், எல்லாமே திருட்டு இல்லை. டிராக்கிங்கில் பார்த்தால் 2 பார்சல் நாலு நாள் முன்புதான் டெலிவரி ஆகியிருக்கின்றன. பணம் தருவதற்கு ஒப்பந்தத்தில் சொன்ன நாள் இன்னும் வரவில்லை. ஒன்று டெலிவரியாகி 16 நாள் ஆகியும் பணம் இல்லை. ஒப்பந்தப்படி பத்து நாளில் தர வேண்டும் என்றிருந்தால், இது நிச்சயமாக வரவேண்டிய பாக்கி. வங்கிப் பரிமாற்றத்தின் யூடிஆர் எண்ணைக் கேளுங்கள். "போட்டுட்டோம்" என்ற வாய்வார்த்தையை ஏற்க வேண்டாம்.

மீதி 6 பார்சலுக்கும் `RTO Delivered`, அதாவது திரும்பி வந்து ஒப்படைத்தாயிற்று என்று இருக்கிறது. பெரும்பாலானோர் கணக்கை இங்கே மூடிவிடுகிறார்கள். விற்கவில்லை, அதனால் பணமும் இல்லை என்று நினைப்பு. ஆனால் குடோன் வாசலில் இருக்கும் ரிட்டர்ன் நோட்டில் 5 ஏடபிள்யூபி எண்கள்தான் எழுதியிருக்கின்றன. ஆறாவது பார்சலுக்குச் சரக்கும் இல்லை, காசும் இல்லை. தொலைந்த பார்சல் இப்படித்தான் பிடிபடுகிறது. எந்தக் கூரியர் ரிப்போர்ட்டும் இதைக் காட்டாது; அந்த நோட்டு இல்லாவிட்டால் கேட்கவும் வாயிருக்காது. ரிட்டர்ன் மூட்டையைக் கையெழுத்துப் போட்டு வாங்கும்போதே ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்துக்கொள்வது அதனால்தான் முக்கியம். மொத்தமாக ஒரு கையெழுத்து போட்டுவிட்டால், எல்லாம் வந்ததாகவே ஆகிவிடும்.

வங்கியை ஒப்பிடுவது கடைசி வேலை. கூரியர் சார்ஜைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் பல கம்பெனிகள் போடுகின்றன. ஆகவே வசூலான தொகை வேறு, கணக்கில் ஏறிய தொகை வேறு என்றிருப்பது இயல்பு. கழித்ததற்கு பில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

தொலைந்த சரக்குக்குப் புகார் தர ஒப்பந்தத்தில் காலக்கெடு போட்டிருப்பார்கள். அது எத்தனை நாள் என்று இன்றே பார்த்துவிடுங்கள். மாதக் கடைசி வரை காத்திராமல் வாராவாரம் இந்தக் கணக்கை முடித்து, ஏடபிள்யூபி எண்ணோடு எழுத்தில் புகார் அனுப்புங்கள்.