பத்து நாள் மருந்தும் முக்கால் மணி நேரமும்

வங்கக் கடலில் புயல் உருவாகிறது என்றால் கடலூரும் நாகப்பட்டினமும் விழித்திருக்கும். தருமபுரி வழக்கம்போல் உறங்கச் செல்லும். கடலிலிருந்து வெகுதொலைவில், மேட்டுநிலத்தில் வாழ்கிறோம் என்ற அந்த நம்பிக்கையை 2024-ஆம் ஆண்டின் ஃபென்ஜால் புயல் கலைத்துவிட்டது.

நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த அப்புயல், அங்கேயே நெடுநேரம் நின்றது. பின்னர் வலுவிழந்து மேற்கே நகர்ந்தது. காற்றின் வேகம் குறைந்தாலும் அது சுமந்துவந்த நீர் குறையவில்லை. அரூரில் ஒரே நாளில் 30 செ.மீ.-க்கும் மேல் மழை பெய்தது. 2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஊத்தங்கரையில் ஏறத்தாழ 50 செ.மீ. பதிவானது. ஏரி நிரம்பி வெளியேறிய நீர், பேருந்து நிலையம் அருகே நின்ற வாகனங்களை இழுத்துச் சென்றது.

உள்மாவட்ட வெள்ளத்தின் இயல்பு இதுதான். கடற்கரையில் புயல் கரையைக் கடக்கும் நேரம் முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. மக்களை வெளியேற்ற வாகனம் வருகிறது. இங்கோ ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த ஏரிகளில் மேலேயுள்ள ஒன்று உடைந்தால், கீழேயுள்ள ஊருக்குக் கிடைக்கும் அவகாசம் மிகக் குறைவு. நடக்க இயன்றவர் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடிவிடுவார். வீட்டில் மாற்றுத்திறனாளி ஒருவர் இருந்தால் கணக்கே வேறு.

நான் அறிந்த சில குடும்பங்களின் நிலையை ஒன்றுசேர்த்து ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். இம்மாவட்டத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் செல்வோர் பலர். அவர்களில் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வின்றி ஊர் திரும்பியிருக்கிறார். வயது 35, வீட்டில் வயதான பெற்றோர். தசை இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் மாத்திரை நாளொன்றுக்கு மூன்று வேளை வேண்டும். சிறுநீர் தானாக வெளியேறாது என்பதால், நாளொன்றுக்கு நான்கு முறை மெல்லிய குழாயைச் செலுத்தி அதை வெளியேற்ற வேண்டும். தாயார் இன்சுலின் போட்டுக்கொள்பவர்.

இக்குடும்பத்துக்கு மாதந்தோறும் 30 நாள் மருந்து கிடைக்கிறது என்று கொள்வோம். அது தீரும் தறுவாயில்தான் அடுத்த மாத மருந்து வரும். அப்படியானால் மாதத்தின் மூன்றில் ஒரு பங்கு நாள்களில், வீட்டில் இருப்பது பத்து நாளுக்கும் குறைவான மருந்து. வெள்ளம் நாள் பார்த்து வருவதில்லை. சாலை துண்டிக்கப்பட்டு, மருந்துக் கடைக்குச் சரக்கு வராத வாரம், மருந்து தீரும் வாரமாகவும் அமையலாம். பேக்லோஃபெனைத் திடீரென நிறுத்தினால் கடும் தசை இறுக்கமும் வலிப்பும்கூட வரலாம். வலிப்புநோய் மருந்துகளும் அவ்வாறே; இன்சுலினைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வணிகர்கள் இதற்கு எளிய வழி வைத்திருக்கிறார்கள். சரக்கு தீர்ந்த பின் அவர்கள் வாங்குவதில்லை. குறித்த அளவுக்குக் குறைந்ததும் வாங்குகிறார்கள். அதைப்போலப் பத்து நாள் மருந்தை நிரந்தரக் கையிருப்பாக வைக்க வேண்டும். மேற்சொன்ன இளைஞருக்கு அது 30 மாத்திரைகள். மருத்துவரிடம் காரணத்தைச் சொல்லி எழுதி வாங்கலாம். மாதம் இரண்டு நாள் மருந்தைக் கூடுதலாக வாங்கிச் சேர்த்தால் ஐந்தே மாதங்களில் கையிருப்பு நிறைந்துவிடும். மக்கள் மருந்தகங்களிலும் முதல்வர் மருந்தகங்களிலும் பல மருந்துகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. சில வலிப்பு மருந்துகளைச் சீட்டின்றித் தரமாட்டார்கள் என்பதால், மருந்துச் சீட்டின் நகலும் உடனிருக்க வேண்டும்.

கையிருப்பு பாழாவது பெரும்பாலும் அதை மறந்துவிடுவதால்தான். பையில் போட்டு மூலையில் வைத்தால் ஈராண்டு கழித்துக் காலாவதியான மாத்திரைகளே மிஞ்சும். புதிய மருந்து வந்ததும் அதைப் பையில் வைத்து, பையில் இருந்ததை எடுத்து அன்றாடம் பயன்படுத்த வேண்டும். மாத்திரை அட்டையைக் கத்தரித்து வைத்தால் காலாவதி நாள் அச்சிட்ட பகுதி போய்விடும். முழு அட்டையாகவே வையுங்கள்.

சிறுநீர்க் குழாய்க் கணக்கில் பலர் தவறுவதுண்டு. வீட்டில் ஒரு குழாயைச் சோப்பு நீரில் கழுவிப் பல முறை பயன்படுத்துவர். நிவாரண முகாமில் தூய நீருக்கு வழியிருக்காது. வெள்ள நீரில் கழுவினால் தொற்று உறுதி. ஆகவே ஒருமுறைக்கு ஒன்று என்று எண்ணி 40 குழாய்கள் வேண்டும். உணர்வற்ற உடலில் படுக்கைப்புண் சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். முகாமின் தரையில் கிடத்தாமலிருக்க அவரது மெத்தையும் உடன்வர வேண்டும். படுத்திருக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும்.

தாயாரின் இன்சுலினில் பயன்பாட்டில் உள்ள குப்பி, 30 டிகிரிக்கு மிகாத வெப்பத்தில் பொதுவாக நான்கு வாரம் தாங்கும். பதற்றத்தில் அதைப் பனிக்கட்டியோடு சேர்த்துக் கட்டுவதுதான் கேடு. உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. ஈரத்துணி சுற்றிய மண்கலயத்துக்குள் நீர் புகாத உறையில் வைத்தால் போதும். தெளிவாக இருக்க வேண்டிய மருந்து கலங்கியிருந்தாலோ, குப்பியின் சுவரில் திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தாலோ அதைப் போடக் கூடாது.

மருந்தின் பெயர், அளவு, வேளை, குழாய் செலுத்தும் முறை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலுடன் நெகிழி உறையில் இட்டுப் பையில் வைக்க வேண்டும். பராமரிப்பவர் ஒருவருக்கு மட்டுமே எல்லாம் தெரியும் என்பது பெரிய ஆபத்து. அவருக்கே காய்ச்சல் வந்தால் என் செய்வது?

அடுத்தது நேரக் கணக்கு. பை எடுக்க ஐந்து நிமிடம். தூக்கிவிட இரண்டு பேரை அழைக்கப் பத்து. ஆட்டோ வர இருபது. ஏற்றி, சக்கர நாற்காலியை மடித்துக் கட்டப் பத்து. ஆக முக்கால் மணி நேரம். தெருவில் நீர் ஓடத் தொடங்கிவிட்டால் ஆட்டோ வராது. நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் சேற்றில் புதைந்துவிடும். முழங்காலுக்கும் குறைந்த நீரோட்டமே ஆளைத் தள்ளிவிட வல்லது. எனவே இக்குடும்பம் வெள்ளத்தைக் கண்டு புறப்படக் கூடாது. மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்து, மேலேயுள்ள ஏரியும் நிரம்பியிருந்தால், அன்று பகலிலேயே மேட்டிலுள்ள உறவினர் வீட்டுக்குச் சென்றுவிட வேண்டும். மழை பொய்த்தால் இழப்பு ஆட்டோக் கட்டணம் மட்டுமே.

எந்தப் பையிலும் அடங்காதவையும் உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்பவரும், மின்சாரத்தால் இயங்கும் ஆக்சிஜன் கருவியை நம்பியிருப்பவரும் மழைக்கு முன்பே மருத்துவமனை உள்ள ஊருக்குச் சென்று தங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இவ்வளவையும் குடும்பத்தின் தலையில் மட்டும் சுமத்துவது முறையன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 8-ஆம் பிரிவு, மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவேட்டில் பராமரித்து, ஆபத்து நேரும்போது அவர்களுக்குத் தெரிவிக்கும் கடமையை மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு விதித்துள்ளது. அப்பதிவேட்டில் தம் பெயர் உள்ளதா என்று ஒவ்வொரு குடும்பமும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்கலாம். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னர், அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடுகிறது. தம் ஊரில் யாரைத் தூக்கிவர வேண்டும், யார் தூக்குவது, எந்த வண்டி, எந்தக் கட்டடத்தில் சாய்தளமும் அமர்ந்து பயன்படுத்தும் கழிப்பறையும் உள்ளன என்ற நான்கு கேள்விகளுக்கு அன்றே விடை எழுதிவிடலாம். அந்தத் தாள் கிராம நிர்வாக அலுவலரிடமும், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண்ணான 1077 ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்க வேண்டும்.