குறைந்த சுமையில் ஓடும் டீசல் ஜெனரேட்டர்

50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தரும் டீசல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 1500 சுற்று என்ற ஒரே வேகத்தில் ஓடுகின்றன. நூறு விளக்கு எரிந்தாலும் ஒரே விளக்கு எரிந்தாலும் வேகம் மாறாது. பிஸ்டன், பேரிங் உராய்வும், ரேடியேட்டர் விசிறியும், தண்ணீர் பம்பும் தின்னும் சக்தி அதனால் ஏறக்குறைய அப்படியே இருக்கும். லோடு குறையக் குறைய, எரியும் டீசலில் பெரும்பங்கு இன்ஜின் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளவே போய்விடுகிறது.

ஓர் அடுக்ககத்தில் 100 கேவிஏ செட் இருப்பதாகக் கொள்வோம். அது தரக்கூடியது 80 கிலோவாட். முழு லோடில் மணிக்குச் சுமார் 22 லிட்டர் குடிக்கும். ஒரு யூனிட்டுக்குக் கால் லிட்டரைவிடச் சற்று அதிகம். நள்ளிரவில் படிக்கட்டு விளக்குகளும் சில வீடுகளின் மின்விசிறிகளும் மட்டும் ஓட, லோடு 8 கிலோவாட்டாகச் சுருங்குகிறது. லோடு பத்தில் ஒன்றானாலும் டீசல் பத்தில் ஒன்றாவதில்லை. மணிக்கு நாலரை லிட்டர் அளவில் போகும். யூனிட்டுக்கு அரை லிட்டருக்கும் மேல்.

வீணாவது டீசல் மட்டுமல்ல. டீசல் இன்ஜினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ள வேண்டும். லோடு குறைந்தால் சிலிண்டர் போதிய சூடேறாது. இன்ஜெக்டர் பீய்ச்சும் சிறிதளவு டீசலும் நன்றாகத் தூவப்படாமல், ஒரு பகுதி எரியாமலே தங்கிவிடும். எரிவாயுவின் அழுத்தம்தான் பிஸ்டன் ரிங்குகளை லைனர் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. அது தளர்ந்தால் இன்ஜின் ஆயில் மேலே கசிந்து எரியும் அறைக்குள் புகும். எரியாத டீசல், ஆயில், புகைக்கரி மூன்றும் கலந்து, சூடில்லாத புகைக்குழாயில் கருப்புப் பிசினாகப் படிகின்றன.

சைலன்சர் இணைப்புகளிலிருந்து கருப்பாக எண்ணெய் ஒழுகுவதே இதன் தெளிவான அடையாளம். ஸ்டார்ட் செய்து வெகுநேரம் ஆகியும் வெண்புகை நிற்காமல் வரலாம். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறி, டீசல் வாடை அடித்தால், எரியாத டீசல் கீழே இறங்கி ஆயிலில் கலக்கிறது என்று பொருள். வாரந்தோறும் லோடு கொடுக்காமல் சிறிது நேரம் ஓட்டிப் பார்க்கும் வழக்கம், பாதுகாப்பென்று நினைத்துச் செய்யப்பட்டாலும், இந்தக் கேட்டைத்தான் வளர்க்கிறது.

பொதுவாகத் தயாரிப்பாளர்கள், முழுத்திறனில் 30 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்ட வேண்டாம் என்கிறார்கள். படிவு புதிதாக இருந்தால், லோடு பேங்க் என்னும் செயற்கை மின்சுமையை இணைத்து, லோடைப் படிப்படியாக ஏற்றிச் சில மணி நேரம் ஓட்டினால், புகைக்குழாய் சூடேறிப் படிவு எரிந்துபோகும். லைனர் சுவரே கண்ணாடிபோல் வழவழத்துப் போயிருந்தால் இது பலிக்காது. இன்ஜினைப் பிரித்து லைனரை ஹோனிங் செய்ய வேண்டியதுதான்.

லிஃப்ட் மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் கூடுதல் மின்சாரத்தைத் தாங்கவே பெரிய செட் வாங்குகிறார்கள். அந்தத் தேவை உண்மையானது. ஆனால் இரவில் லிஃப்டைத் தவிர்க்க முடிந்தால், அந்த 8 கிலோவாட்டுக்கு 15 கேவிஏ செட் ஒன்று தனியாக இருந்தால் போதும். அது மணிக்கு மூன்று லிட்டருக்குள் முடித்துவிடும். தன் திறனில் மூன்றில் இரண்டு பங்கு லோடில் ஓடுவதால் போதிய சூட்டிலும் இருக்கும்.