பெயரை மறைத்துப் படியுங்கள்

பள்ளி ஆண்டு விழாத் தொகுப்புரையை மூவருக்கு அப்படியே பிரித்துக் கொடுத்தால், ஒரே குரல்தான் மூன்று வாயில் வரும். "அடுத்து வருவது நம் மண்ணின் கலையான கரகாட்டம்" என்ற வரியையே பாருங்கள். தகவல் சொல்பவர்: "அடுத்து கரகாட்டம். எட்டு மாணவிகள்." கேள்வி கேட்பவர்: "தலையில் குடம், கையால் பிடிக்கவே மாட்டார்களா?" குறும்புக்காரர்: "நான் பிடித்தே மூன்று குடம் உடைத்தேன்!"

சமம் பார்க்க வரிகளை அல்ல, சொற்களை எண்ண வேண்டும். இங்கே நான்கு, ஐந்து, ஐந்து. ஆனால் வரவேற்பும் நன்றியும் ஒருவரிடமே சேர்ந்தால், எண்ணிக்கை சரியாக இருந்தும் மற்ற இருவர் துணைக்கு நிற்பவர்கள்தான்; அவற்றைப் பிரித்துவிடுங்கள். பிறகு பெயர்களை மறைத்து உரக்கப் படியுங்கள். யார் பேசுவது என்று பிடிபடாத வரியை மட்டும் திருத்துங்கள்.