ஐந்தாம் மனைவி பாடிய புராணம்

கோயில் தோறும் ஒரு தலபுராணம் உண்டு. அந்தத் தலத்தின் பெருமை, அங்கே நீராடினால் தீரும் பாவம், வந்து வழிபட்டவர்கள் பெற்ற பேறு எல்லாம் படலம் படலமாக அதில் வரும். அவற்றில் சில நூல்களுக்கு மான்மியம் என்று பெயர். 1917, 18ஆம் ஆண்டுகளில் ‘தமிழன்’ என்ற இதழில் அப்படியொரு மான்மியம் தொடராக வந்தது. ஆனால் அது எந்தக் கோயிலையும் பாடவில்லை. பாட்டுடைப் பொருள், ஒரு சொத்துரிமை வழக்கம். பாடியவர், பெண்டாட்டிமாரில் ஐந்தாவதாக வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண்.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ அது. அங்கதம் என்றால் என்ன, பகடி என்றால் என்ன என்று என்னிடம் யார் கேட்டாலும் முதலில் இந்த நூலைத்தான் எடுத்துக் கொடுப்பேன். இரண்டும் இதில் ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. ஒன்றின் உருவத்தையும் நடையையும் எடுத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தாத வேறொன்றை உள்ளே வைத்துச் சிரிக்க வைப்பது பகடி. மனிதர்களின் நடப்பிலோ ஊர் வழக்கத்திலோ உள்ள குற்றத்தைச் சிரிப்பால் சுட்டுவது அங்கதம். அங்கதம் பழைய சொல். குற்றத்தை நேராகச் சொன்னால் செம்பொருள் அங்கதம், மறைத்துச் சொன்னால் பழிகரப்பு அங்கதம் என்று தொல்காப்பியமே பிரித்துப் பார்த்திருக்கிறது.

முதலில் அந்த வழக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்த நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் தகப்பன் சொத்து பிள்ளைகளுக்குப் போகாது. அவனுடைய சகோதரியின் மகனுக்கு, அதாவது மருமகனுக்குப் போகும். குடும்பத்தை ஆள்பவர் காரணவர். காரணவரின் மனைவி அந்த வீட்டில் உழைப்பாள், பிள்ளை பெறுவாள். அவர் கண்ணை மூடினால் வீடும் வயலும் மருமகன் கைக்குப் போய்விடும். சொந்தப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது சிறு பங்கு. அதுவும் பெரும்பாலும் வழக்கு மன்றத்தில்தான் முடியும். கவிமணி அதே சமூகத்தில், தேரூரில் பிறந்தவர். கதையில் வருகிற வீடுகளின் உள்ளும் புறமும் அவருக்குத் தெரியும்.

இதைக் கண்டித்து ஒரு கட்டுரை எழுதியிருக்கலாம். அவர் புராண வடிவத்தைத் தேர்ந்தார். நூலின் படலப் பெயர்களைப் பார்த்தாலே காரணம் புரியும். ‘குலமுறை கிளத்து படலம்’ என்பது கம்பராமாயணத்தில் இராமனின் சூரிய குலப் பெருமை சொல்லப்படும் படலத்தின் பெயர். அதே பெயரைக் கவிமணி அப்படியே எடுத்து, ஒரு ஏழைப் பெண் தன் கதையைத் தொடங்கும் இடத்தில் வைக்கிறார். கம்பனில் தசரதனின் ஆட்சியைச் சொல்வது ‘அரசியற் படலம்’. இங்கே அது ‘மாமி அரசியற் படலம்’ ஆகிறது. நாகாஸ்திரத்துக்கும் கருடாஸ்திரத்துக்கும் தனித்தனிப் படலங்கள் உண்டு. ‘கோடேறிக் குடிமுடித்த படலம்’ என்று ஒன்று வருகிறது. கோடு என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் கோர்ட். வழக்கு மன்றப் படியேறி ஒரு குடும்பம் அழிந்த கதைக்கு, அசுரனை வதைத்த கதைக்கு வைப்பது போன்ற பெயர்.

பெயர் வைப்பதோடு நின்றிருந்தால் அது வெறும் விளையாட்டு. மாமியின் அதிகாரத்தை அரசாட்சி என்று அழைத்தவுடன் வாசகர் மனம் தானாகவே ஒப்பிடத் தொடங்குகிறது. அரசனுக்குக் குடிகளைக் காக்கும் கடமை உண்டு. இந்த ஆட்சியில் காக்கப்படுவது யார்? புராணம் ஒரு தலத்தைப் புனிதம் என்று சொல்லும். ஊரார் இந்த வழக்கத்தையும் அப்படித்தான், முன்னோர் வைத்தது, கேள்வி கேட்கக் கூடாதது என்று சொல்லி வந்தார்கள். வழக்கத்துக்கு அவர்கள் போட்டிருந்த புனித ஆடையைத்தான் கவிமணி எடுத்துப் பாட்டுக்குப் போட்டார். கையாளும் வடிவத்துக்கும் தாக்கும் பொருளுக்கும் இப்படி ஒரு உறவு இருந்தால்தான் பகடி அங்கதமாக ஏறும்.

இதைச் செய்து பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். கல்யாணப் பந்தியில் சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று இடம் பிடிக்கும் பழக்கத்தை எடுத்துக்கொண்டு, பழைய போர்க்காவிய நடையில் சில வரிகள் இந்தக் கட்டுரைக்காக எழுதிப் பார்த்தேன்.

“முகூர்த்தம் முடியுமுன்பே பெரியப்பா கீழ்த்தளம் நோக்கிப் படை நடத்தினார். இடப்புறம் சித்தி, வலப்புறம் ஒன்றுவிட்ட அத்தான், பின்னே கைக்குழந்தையோடு மருமகள். மோருக்குக் காத்திருந்த ஒருவரின் நாற்காலி முதுகில் பெரியப்பா தம் வலக்கையை ஊன்றினார். அக்கணமே அந்த நாற்காலி அவர் நாட்டோடு சேர்ந்தது. பின்கழுத்தில் மூச்சுக்காற்று பட்டதும் உண்டவர் பாயசத்தைப் பாதியில் துறந்து எழுந்தார். இலை எடுக்குமுன் கைக்குட்டை என்னும் வெற்றிக்கொடி நாட்டப்பட்டது. மேலே கெட்டிமேளம் முழங்கிற்று. அதைத் தம் வெற்றி முரசென்றே பெரியப்பா கேட்டார்.”

இதில் மிகையாக இருப்பது ஒன்றே ஒன்று, போர் என்ற அளவு. நாற்காலி முதுகில் வைத்த கை, இருக்கையில் போட்ட கைக்குட்டை, பாதியில் எழுந்தவர் எல்லாம் நாம் மண்டபங்களில் பார்ப்பவை. மிகைக்கு இதுதான் நெறி. ஒரு அளவை மட்டும் பெரிதாக்க வேண்டும்; மற்ற எல்லாம் கண்ணால் கண்டது போல இருக்க வேண்டும். பெரியப்பா எட்டு நாற்காலிகளை விழுங்கினார், இலையையும் தின்றார் என்று எழுதியிருந்தால் சிரிப்பு வரலாம். ஆனால் வாசகர் “இது வேறு யாரோ” என்று நிம்மதியாகிவிடுவார். கைக்குட்டையைப் பார்க்கும்போதுதான் தன் கை நினைவுக்கு வரும். தாலி கட்டுவதைப் பார்க்க வந்தவர்கள் அதைப் பார்க்காமலே போகிறார்கள் என்ற குற்றம் கடைசி இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் மேலே உள்ளது நடை வித்தை மட்டுமே.

சொல்வது ஒன்று, பொருள் அதற்கு எதிர் என்று வரும் முரண்நகையில் மிகை தேவையே இல்லை. புறநானூற்றில் ஔவையார் செய்ததை நினைத்துப் பாருங்கள். அதியமானுக்காகத் தூது போனவரிடம் தொண்டைமான் தன் படைக்கொட்டிலைக் காட்டுகிறான். இங்கே ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, மாலை அணிந்து, நெய் பூசிக் காவலுக்குள் இருக்கின்றன; எங்கள் மன்னனுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார் அவர். ஒரு சொல்லும் பொய்யில்லை, ஒரு சொல்லும் வசையில்லை. உன் ஆயுதம் போர் கண்டதில்லை என்ற பொருளைத் தொண்டைமானே கூட்டிக்கொள்ள வேண்டும். இதை வஞ்சப்புகழ்ச்சி என்று பள்ளியில் படித்திருப்போம்.

இன்றைய வீட்டுப் பேச்சில் அது எப்படி வரும் என்பதற்கு, மாப்பிள்ளையின் அம்மாவைப் பேச விட்டு இதையும் நானே எழுதினேன்.

“நாங்க வாயத் தொறந்து ஒண்ணும் கேக்கமாட்டோம் சம்பந்தி. கேக்கற பழக்கமே எங்க குடும்பத்துல கெடையாது. மூத்த மருமகளோட அப்பா நாங்க கேக்காமத்தான் நூறு பவுன் போட்டார். ரெண்டாவது சம்பந்தி, வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல, கார் வாங்கி வாசல்ல நிறுத்திட்டார். பாவம், அதுக்கு வயல வித்தார்னு பிற்பாடுதான் தெரிஞ்சுது. எனக்கு மனசே கேக்கல. அதனாலதான் சொல்றேன், உங்க பொண்ணுக்கு உங்க மனசுபோலச் செய்யுங்க. ஷெட்ல இன்னும் ஒரு வண்டிக்கு எடம் இருக்கு.”

இந்த அம்மா தன்னை நல்லவள் என்றே நம்புகிறாள். வயல் விற்ற செய்திக்காக நிஜமாகவே வருந்துகிறாள். இந்த நம்பிக்கைதான் பத்தியைத் தாங்குகிறது. இதன் கீழே “பேராசைக்காரர்கள் இப்படித்தான் பேசுவார்கள்” என்று நான் ஒரு வாக்கியம் சேர்த்தால் முழுதும் செத்துவிடும். வாசகர் கண்டுபிடிக்க வேண்டியதை எழுதியவர் முந்திக்கொண்டு சொன்னதாகிவிடும். பத்திரிகைகளுக்கு வரும் நையாண்டிக் கதைகளில் நான் அதிகம் காணும் பிழை இந்தக் கடைசி வாக்கியம்தான்.

கவிமணியின் ஐந்தாம் மனைவி இதற்கு நேர்மாறானவள். என் சம்பந்தியம்மாள் குற்றம் செய்பவள். அவள் பேசப் பேச அவளே அகப்படுகிறாள். ஐந்தாம் மனைவி குற்றத்தால் அடிபட்டவள். அவள் அழுகிறாள், புலம்புகிறாள், தெய்வத்தை அழைக்கிறாள். ஆனால் புராண நடை அவளைச் சுற்றி ஒரு கேலிப் பந்தல் போட்டிருப்பதால் சிரிப்பு வருகிறது. அந்தச் சிரிப்பு ஒருபோதும் அவள் மேல் விழுவதில்லை, அது மாமி மேலும் காரணவர் மேலும்தான் விழுகிறது. அடிபட்டவரைப் பேச வைத்து, அடித்தவரைச் சிரிப்புக்கு இடமாக்குவது எளிதல்ல. கொஞ்சம் பிசகினால் ஐந்தாவதாக வந்தவளையே ஊர் பார்த்துச் சிரித்திருக்கும். அங்கதம் கேலியாகத் தாழ்ந்ததா என்று அறிய நான் பார்ப்பது இதைத்தான்: சிரித்து முடித்தபின் யார் சிறுத்துப் போயிருக்கிறார்?

முரண்நகைக்கு இன்னொரு ஆபத்து, அதை நேர்ப்பொருளாக எடுத்துக்கொள்பவர்கள். 1702இல் லண்டனில் டேனியல் டிஃபோ பெயர் போடாமல் ஒரு துண்டு நூல் வெளியிட்டார். அரசுத் திருச்சபையில் சேராத கிறித்தவர்களை ஒழித்துவிட வேண்டும் என்று திருச்சபைத் தீவிரர்களின் குரலிலேயே பேசும் நூல் அது. அவர்களின் வெறுப்பைக் காட்டுவதற்காக எழுதினார். அவரே சேராதவர்களில் ஒருவர். தீவிரர்களில் சிலர் அதை உண்மை என்று நம்பி மெச்சினார்கள். ஆள் யாரென்று தெரிந்ததும் அரசு அவரைப் பிடித்தது. 1703இல் பொது இடத்தில் மரச்சட்டத்தில் தலையும் கையும் மாட்டி நிற்க வைத்தார்கள். பாவனை அசலோடு இடைவெளி இல்லாமல் பொருந்திவிட்டதுதான் அவருக்கு வந்த வினை. ஐந்தாம் மனைவியின் புலம்பலைப் பெயர்பெற்ற புராணமாக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. மாமிக்கு அரசியற் படலம் என்று தலைப்பிலேயே இடைவெளி தெரிகிறது. என் சம்பந்தியம்மாளின் பேச்சில் அந்த வேலையை ஷெட் செய்கிறது.

மருமக்கள் வழியைத் திருத்த அந்தச் சமூகத்துக்குள்ளேயே முயற்சிகள் நடந்துகொண்டிருந்தன. 1926இல் திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒரு பாட்டு மட்டும் அதைச் செய்தது என்று சொல்ல முடியாது. ஆனால் வழக்கத்தைத் தெய்வ வாக்கு போலப் பேசுவதை அந்தப் படலங்கள் கூச்சமான காரியமாக்கியிருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

இன்று அந்த நூலைப் படிப்பவருக்குக் காரணவர் என்றால் யார், மருமகனுக்கு ஏன் சொத்து என்று குறிப்புப் போட்டுத்தான் விளக்க வேண்டியிருக்கிறது. மாமியின் அரசாட்சிக்கு வரும்போது மட்டும் யாரும் குறிப்பைத் தேடுவதில்லை.