கடிதத்தில் இருப்பது எண் அல்ல, பிள்ளை

குழந்தைக்கு ஆட்டிசம் என்று சொன்ன டாக்டர், அன்று மாலையே பெற்றோருக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதினார். அதில் என்ன இருந்தது, என்ன இல்லை?

நாக்பூரில் ரயில்வே குமாஸ்தா ஒருவர் வீட்டு பீரோவில், ரேஷன் கார்டுக்கும் எல்.ஐ.சி. பத்திரத்துக்கும் நடுவே ஒரு பழுப்பு உறை இருக்கிறது. உள்ளே மராத்தியில் எழுதிய மூன்று பக்கங்கள். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பின்னால் செலோடேப் ஒட்டப்பட்டிருக்கிறது. அவ்வளவு முறை பிரித்துப் படித்திருக்கிறார்கள்.

எழுதியவர் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளில் தனிப் பயிற்சி பெற்ற ஒரு குழந்தை மருத்துவர். பெற்றோரின் மகனுக்கு அப்போது 3 வயது 2 மாதம். இரண்டு சந்திப்புகள், ஒரு காது பரிசோதனை, அம்மாவிடம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரக் கேள்விகள். இவற்றுக்குப் பிறகுதான் டாக்டர் அந்தச் சொல்லைச் சொன்னார்: ஆட்டிசம். "அதற்குப் பிறகு அவர் பேசிய எதுவும் என் காதில் ஏறவில்லை. மின்விசிறியின் சத்தம்தான் கேட்டது" என்கிறார் அப்பா.

டாக்டருக்கு இது புதிதல்ல. அதனால்தான் எழுதுகிறார். முன்பெல்லாம் அவரும் மற்றவர்களைப் போல ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை தட்டச்சு செய்து, குழந்தையை அனுப்பிவைத்த மருத்துவருக்கு முகவரியிட்டு, பெற்றோர் கையில் நகலைக் கொடுத்தவர்தான். நகல் வைத்திருந்தவர்களுக்கு அது புரியவில்லை. புரிந்துகொள்ளக்கூடியவர் அதைப் படித்தாரா என்பது கடவுளுக்கே வெளிச்சம். பிரிட்டனில் மருத்துவக் கல்லூரிகளின் கூட்டமைப்பு 2018ல், கடிதத்தை நோயாளிக்கே எழுதுங்கள், மற்ற மருத்துவருக்கு நகல் அனுப்புங்கள் என்று வழிகாட்டியது. நாக்பூர் டாக்டர் செய்வதும் அதுவே.

முதல் வரியிலேயே விஷயத்துக்கு வந்துவிடுகிறது கடிதம். "உங்கள் மகனுக்கு ஆட்டிசம் இருக்கிறது. 'ஆட்டிசம் சாயல்', 'ஆட்டிசம் மாதிரி' என்று நான் எழுதவில்லை. அப்படி எழுதினால் நீங்கள் ஒரு வருடம் காத்திருப்பீர்கள்." கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பெற்றோர் ஏற்கெனவே ஒரு வருடம் காத்திருந்தவர்கள். 'ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும். அவன் அப்பாவும் அப்படித்தான்' என்று பாட்டி சொல்ல, பக்கத்துத் தெரு டாக்டரும் தலையாட்டியிருந்தார்.

அடுத்து, எதை வைத்து இந்த முடிவு என்ற விளக்கம். ஆட்டிசத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. குழந்தை நடந்துகொள்வதைப் பார்த்தும், பெற்றோர் சொல்வதைக் கேட்டும்தான் முடிவு செய்ய வேண்டும். மற்றவர்களோடு உறவாடுவதிலும் தகவல் பரிமாறுவதிலும் தொடர்ந்த சிரமம் இருக்க வேண்டும். அதோடு ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, மாற்றத்தைத் தாங்காதது, ஓசைக்கோ தொடுகைக்கோ விபரீதமாக எதிர்வினை காட்டுவது போன்றவையும் இருக்க வேண்டும். முதலாவது மட்டும் இருந்தால் அது வேறு பிரச்னையாக இருக்கலாம்.

இங்கேதான் டாக்டர் பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பிள்ளையைப் பற்றி எழுதுகிறார். தண்ணீர் வேண்டுமானால் அவன் குவளையைச் சுட்டிக்காட்டுவதில்லை. அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, ஏதோ கரண்டியை எடுப்பதுபோல அவர் கையைக் குவளை மீது வைக்கிறான். டி.வி.யில் வரும் சோப்பு விளம்பரத்தை முழுதாகச் சொல்கிறான்; 'ஆயி' என்று அம்மாவைக் கூப்பிடுவதில்லை. வாசலில் செருப்புகளை வரிசையாக அடுக்குகிறான். யாராவது ஒன்றை மாட்டிக்கொண்டு போனால் அரை மணி நேரம் அழுகை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, அடுத்த அறையில் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தத்துக்கு ஓடி வருகிறான்.

அப்படி ஓடி வருகிறானே, பிறகு காது பரிசோதனை எதற்கு என்று அப்பா கேட்டிருந்தார். கடிதத்தில் பதில் இருக்கிறது. சில அலைவரிசைகள் மட்டும் கேட்காத குழந்தையும் பிஸ்கட் சத்தத்துக்குத் திரும்பலாம். பேச்சு அதற்குத் தெளிவாக விழாது. அதனால் பெரா என்ற பரிசோதனை. தூங்கும் குழந்தையின் தலையில் மின்முனைகளை ஒட்டி, ஒலிக்கு நரம்பு காட்டும் எதிர்வினையைப் பதிவு செய்வது. இந்தப் பிள்ளைக்கு இரண்டு காதும் சரி. மூளைக்கு எம்.ஆர்.ஐ., இ.இ.ஜி. ஏன் எழுதவில்லை என்பதும் ஒரு பத்தி: வலிப்பு இல்லை, தலையின் சுற்றளவு சரியாக இருக்கிறது, கற்றுக்கொண்ட நடை எதுவும் போய்விடவில்லை. "தேவைப்பட்டால் எழுதுவேன். இப்போது அந்தப் பணத்தைப் பேச்சுப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்."

பெற்றோர் அதிகம் தடுமாறியது இரண்டாம் பக்கத்தில் இருந்த ஓர் எண்ணில். இந்தியாவில் ஆட்டிசத்தின் அளவை மதிப்பிட ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோல் பயன்படுகிறது. 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். 70க்குக் கீழே ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது. 107 முதல் 153 வரை மிதமானது. அதற்கு மேல் கடுமையானது. பையனின் எண் 102.

'இருநூறுக்கு நூற்றிரண்டு, பாதிக்குப் பாதி' என்று கணக்குப் போட்டார் அப்பா. இரவெல்லாம் தூக்கமில்லை. ஆனால் கணக்கே தப்பு. எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று பதில் வந்தாலும் ஒவ்வொன்றுக்கும் 1 உண்டு. ஆக எந்தக் குழந்தையும் 40லிருந்துதான் தொடங்குகிறது. குழப்பம் அதோடு முடியவில்லை. அளவுகோலின் கையேட்டிலுள்ள அட்டவணைப்படி, 89க்கும் 105க்கும் இடைப்பட்ட எண் ஊனச் சான்றிதழில் 60 சதவீதம் ஆகிறது. ஒரே எண், ஒரு காகிதத்தில் 'லேசான ஆட்டிசம்', இன்னொன்றில் '60 சதவீத ஊனம்'. எந்தக் குடும்பம்தான் குழம்பாது?

கடிதம் இதை முன்கூட்டியே சொல்கிறது. "60 என்பது சலுகைகளைக் கணக்கிட அரசு வைத்துக்கொண்டிருக்கும் எண். உங்கள் மகனின் அறிவில் 60 பங்கு போய்விட்டது என்று அர்த்தமில்லை. அறிவுத்திறனை நாங்கள் இன்னும் அளக்கவே இல்லை; இந்த வயதில், பேச்சு இல்லாத குழந்தையிடம் அளந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது." சான்றிதழ் வாங்குங்கள் என்றும் சொல்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. நேஷனல் டிரஸ்டின் நிராமயா திட்டத்தில் ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு. சிறு வயதில் தரும் சான்றிதழைப் பிறகு புதுப்பிக்க வேண்டியிருக்கும், தேதியை மறக்காதீர்கள் என்று ஒரு வரி.

அம்மா வாய்விட்டுக் கேட்காத கேள்விக்கும் பதில் இருந்தது. கர்ப்ப காலத்தில் அவர் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனார். பாசம் காட்டாத தாயால் ஆட்டிசம் வருகிறது என்று அமெரிக்காவில் புரூனோ பெட்டல்ஹெய்ம் 1967ல் புத்தகமே எழுதினார். அந்தக் கருத்து எப்போதோ காலாவதியாகிவிட்டது. என்றாலும் உறவினர்களின் வாயில் இன்னும் உயிரோடு இருக்கிறது. "நீங்கள் செய்த எதனாலும் இது வரவில்லை, செய்யாத எதனாலும் வரவில்லை" என்கிறது கடிதம். தடுப்பூசி? தட்டம்மைத் தடுப்பூசியின் இரண்டாவது தவணை 16 முதல் 24 மாதத்துக்குள் போடப்படுகிறது. ஆட்டிசத்தின் அறிகுறிகள் பெற்றோர் கண்ணில் படத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே வயதில்தான். இரண்டையும் முடிச்சுப் போட்ட 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை 'லான்செட்' இதழே 2010ல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

மூன்றாம் பக்கம் முழுக்க அடுத்த மூன்று மாதங்கள். பேச்சுப் பயிற்சியாளரிடம் வாரத்துக்கு இரண்டு முறைதான் இடம் கிடைத்தது. மீதி நேரம் வீட்டில்தான். அதை எப்படிப் பயன்படுத்துவது? தரையில் அவன் உயரத்துக்கு உட்காருங்கள். அவன் எதைப் பார்க்கிறானோ அதைப் பற்றி இரண்டு சொல்லில் பேசுங்கள். பிடித்த தின்பண்டத்தை மூடி இறுக்கமான கண்ணாடி ஜாடியில் போட்டுக் கையில் கொடுங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். அவன் உங்களைப் பார்த்தாலோ ஜாடியை நீட்டினாலோ அதையே பேச்சாக எடுத்துக்கொண்டு உடனே திறந்து கொடுங்கள்.

இப்படிப் பெற்றோரைப் பழக்குவது வெறும் ஆறுதல் வேலை அல்ல. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 2 முதல் 9 வயது வரையுள்ள 65 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2016ல் வெளியானது. சிறப்பு மருத்துவர்கள் அல்லாத பணியாளர்கள் ஆறு மாதத்தில் 12 முறை பெற்றோரோடு உட்கார்ந்தார்கள். பெற்றோர் குழந்தையின் கவனத்தைப் பின்தொடர்ந்து பேசுவது கூடியது. குழந்தைகள் தாமாகத் தொடர்புகொள்ளத் தொடங்குவதும் கூடியது. எல்லாமே முன்னேறவில்லை. பெற்றோரும் குழந்தையும் ஒரே பொருளில் கவனத்தைப் பகிர்ந்துகொண்ட நேரம் குறைந்தது என்பதையும் ஆய்வாளர்களே பதிவு செய்திருக்கிறார்கள்.

தவறு எங்கே நேரும் என்பதையும் டாக்டர் எழுதியிருந்தார். அப்படியே நேர்ந்தது. அப்பா மாலையில் வந்ததும் பரீட்சை தொடங்கும்: "இது என்ன? சொல்லு. இது என்ன நிறம்?" பையன் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். மூன்று வாரம் கழித்து அம்மா கடிதத்தை எடுத்து ஒரு வரியைக் காட்டினார்: "கேள்வி கேட்காதீர்கள், சொல்லுங்கள்." இன்னொரு தவறு மொழி. மராத்தி குழப்பும், இனி ஆங்கிலத்திலேயே பேசுங்கள் என்று ஒரு நர்சரிப் பள்ளியில் சொல்லியிருந்தார்கள். வீட்டில் இரண்டு மொழி புழங்குவதால் ஆட்டிசக் குழந்தையின் பேச்சு கெடுவதில்லை. தடுமாறும் ஆங்கிலத்தில் பேசும் அம்மா குறைவாகத்தான் பேசுவார், இழப்பு அங்கேதான்.

ஸ்டெம் செல் சிகிச்சைக்கு ஒரு பத்தி உண்டு. சித்தப்பா ஒருவர் விளம்பரத்தோடு வருவார் என்று டாக்டருக்குத் தெரியும், வந்தார். பல லட்சம் செலவு. ஆட்டிசத்துக்கு இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கவில்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022லேயே கூறிவிட்டது. ஆட்டிசத்தின் அடிப்படைக் குணங்களை மாற்றும் மருந்தும் கிடையாது. ரிஸ்பெரிடோன் போன்றவை கடும் எரிச்சலுக்கும் தன்னையே காயப்படுத்திக்கொள்வதற்கும் தரப்படுபவை. இவனுக்கு அது தேவையில்லை.

வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம், அவன் தானாகக் கேட்பதை எண்ணி எழுதச் சொல்லியிருந்தார் டாக்டர். பார்வை, சைகை, ஓசை எதுவானாலும் கணக்கில் சேரும். மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அந்தக் கோடுகள் இருக்கின்றன. முதல் வாரம் 1. நான்காம் வாரம் 1. ஐந்தாம் வாரம் காய்ச்சல், எண்ணவில்லை. எட்டாம் வாரம் 3. பன்னிரண்டாம் வாரம் 6. அதில் ஒன்று, குவளையை நோக்கி நீட்டிய ஆள்காட்டி விரல். பேச்சு இன்னும் வரவில்லை. மூன்று மாதச் சந்திப்பில் டாக்டர் படங்கள் ஒட்டிய சின்ன அட்டைகளைக் கொடுத்தார். அட்டையைக் காட்டப் பழகினால் பேச மாட்டானோ என்று பாட்டி கேட்டதற்கு, பேச்சை அது தடுப்பதில்லை என்று கடிதத்தின் ஓரத்திலேயே பேனாவால் எழுதி, தேதியும் போட்டுக் கொடுத்தார்.

அந்த ஓரக் குறிப்புக்குக் கீழே இப்போது அம்மாவின் கையெழுத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அடுத்த சந்திப்புக்கு. மூன்றாவது: "இவனுக்குத் தங்கை பிறந்தால்?"